கையில் சட்டை வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம்: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

"தினமும் ஒரு மணி நேரம் பைக்கில் போகிறேன். முழங்கைக்குக் கீழே கறுத்துவிட்டது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?"

செய்யலாம், ஆனால் தேய்த்து எடுக்க முடியாது. அது அழுக்கு இல்லை. வெயிலைத் தடுக்கத் தோல் உருவாக்கிய மெலனின் என்ற நிறமி. மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை புது வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வைத்தியம். முழுக்கைச் சட்டை, கையுறை போடுங்கள். மூடாத இடத்தில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் தாராளமாகப் பூசுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பலரும் பொட்டு வைப்பது போலத் தொட்டு வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பார்கள்.

அப்புறம், வாரம் இரண்டு முறை இரவில் கெட்டித் தயிரைப் பத்து நிமிடம் பூசிக் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவலாம். அதிலுள்ள லாக்டிக் அமிலம் மிக மென்மையானது, பலனும் மெதுவாகத்தான். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, முன்பைவிடக் கறுத்த தடம் மாதக்கணக்கில் நிற்கலாம். தயிர் பூசும்போது எரிந்தாலோ சிவந்தாலோ உடனே கழுவிவிடுங்கள்.

மூன்று மாதமாகியும் திட்டுத்திட்டாக நின்றால் அது வெறும் வெயில் கறுப்பாக இல்லாமல் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.