மூன்றாவது இருமல்

*தூக்கம் வராத ஒரு இரவில் வீட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே இந்தக் கவிதையை எழுதினேன். படித்தவர்கள் "நல்லா இருக்கு, ஆனா சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே தப்பு, எப்படிச் சரி செய்வது?*

*வீடே உறங்குகிறது*
*நான் மட்டும் விழித்திருக்கிறேன்*
*கடிகாரம் டிக் டிக்*
*மின்விசிறி கடகட*
*குழாய் சொட்டுச் சொட்டு*
*மௌனம் பேரிரைச்சலாய்*
*என் தனிமையைக் கிழிக்கிறது*
*அப்பாவின் இருமல்*
*அடுத்த அறையில்*

*— ஒரு வாசகி, கும்பகோணம்*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கவிதை எட்டாவது வரியில்தான் தொடங்குகிறது. அப்பாவின் இருமலைக் கடிகாரத்துக்கும் விசிறிக்கும் அடுத்த சத்தமாக வைத்துவிட்டீர்கள். ஆனால் விழித்திருப்பதே அதற்காகத்தான் என்று வாசிக்கிறவருக்குத் தோன்றுகிறது. மற்றச் சத்தங்களெல்லாம் அந்த இருமலுக்காகக் காத்திருக்கும்போது காதில் விழுகிறவை. இந்த உறவு வரிகளுக்குள் வந்துவிட்டால் பட்டியல் தானாகக் கலைந்துவிடும்.

குறுந்தொகையின் 138ஆம் பாட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கொல்லன் அழிசி பாடியது, ஐந்தே வரி. "கொன்னூர் துஞ்சினும் யாம் துஞ்சலமே" என்று தொடங்குகிறது: ஊரே தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை. உங்கள் முதல் இரண்டு வரிகளில் இருக்கும் அதே செய்திதான். ஆனால் அவர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி நான்கு வரிகளையும் ஒரே ஒரு சத்தத்துக்குக் கொடுக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சி மரம். அதன் இலை மயிலின் காலடி போல இருக்கிறது. மெல்லிய கிளையிலிருந்து நீலமணி போன்ற பூ உதிர்கிறது. அது விழும் ஓசையை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பேசுகிறவள் தோழி. முந்தின இரவு சந்திப்பு தவறிப்போய், மறுநாள் இரவு வந்து மறைவில் நிற்கும் தலைவன் காதில் விழும்படி சொல்கிறாள். பூ விழுவதே கேட்டதென்றால், அவன் வந்திருந்தால் காலடி கேட்காமலா போயிருக்கும்? அவன் காலடி பற்றி ஒரு சொல்கூட அவள் பேச்சில் இல்லை. 'காத்திருந்தோம்' என்றும் இல்லை. கேட்ட ஓசை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு கூர்மையாகக் காது எதற்கோ திறந்திருந்தது என்பது நமக்கே புரிந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியதும் இப்படி ஒரு சின்னச் சத்தம்தான்.

அதற்கு முதல் தடை உங்கள் விசிறி. கடகடவென்று ஓடும் விசிறிக்கடியில் படுத்திருப்பவருக்குப் பூ விழுவது கேட்காது. 'கடகட' மாதிரியான இரட்டைக்கிளவி விடாமல் நடக்கும் சத்தத்துக்கு உரியது. தனியாகக் 'கட' என்றால் அந்தச் சத்தம் இல்லை. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா" என்று தொல்காப்பியமே சொல்கிறது. விடாமல் கேட்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். கடிகாரமும் அப்படித்தான். விழித்திருப்பவரை உலுக்குவது மாறுகிற சத்தமும் நின்றுபோகிற சத்தமும். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கலோடு நிற்கும்போதுதான் அதுவரை அது ஓடியதே தெரியும். அந்த நொடியில் வீடு இன்னும் ஒரு படி அமைதியாகி, அடியில் இருந்த அடுத்த சத்தம் மேலே வரும்.

குழாய்ச் சொட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதில் விழுகிறது என்று சொல்லுங்கள். காலிப் பிளாஸ்டிக் வாளியில் விழும் சொட்டு 'டப்' என்று அடியில் மோதும். தண்ணீர் சேர்ந்த பிறகு அதே சொட்டு 'ளொட்' என்று முங்கும். இந்த மாற்றத்தை எழுதினால் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். கடிகாரத்தின் 'டிக் டிக்' அந்த வேலையைச் செய்யவே இல்லை, அதை எடுத்துவிடலாம்.

"மௌனம் பேரிரைச்சலாய் என் தனிமையைக் கிழிக்கிறது" என்ற இரண்டு வரியும் போகட்டும். மெல்லிய சத்தங்களுக்காக வாசகரின் காதைத் தீட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே பேரிரைச்சல் என்றால் அந்தக் காது மூடிக்கொள்ளும்.

இனி வேலை. இரண்டு இரவு, அரைமணி நேரம் விளக்குப் போடாமல் உட்காருங்கள். இருட்டிலேயே பென்சிலால் பெரிய எழுத்தில் குறியுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் மூன்று கேள்வி: எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்போது மாறியது அல்லது நின்றது, யாருடையது. காலையில் பார்த்து, இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது நான்கைந்துதான் இருக்கும். அவற்றைப் பெரிய சத்தத்திலிருந்து சிறியதை நோக்கி வரிசைப்படுத்துங்கள். காது கூர்மையாவதை வாசகரும் கூடவே உணர்வார்.

உங்கள் கவிதையையே வைத்து ஒரு மாதிரி:

இரவு இரண்டு மணி

என் அறை விசிறியை அணைத்துவிட்டேன்.
வாளியில் சொட்டு
டப் என்றிருந்தது
இப்போது ளொட் என்கிறது.
ஃப்ரிட்ஜ் உடம்பைக் குலுக்கி
நின்றது.
அப்பா அறையில்
காற்றுக்கு மாத்திரை அட்டை
ஸ்டூல்மேல் நகர்வது கேட்கிறது.
இரண்டு முறை இருமினார்.
மூன்றாவது
இன்னும் வரவில்லை.

விசிறி இங்கேயும் இருக்கிறது, ஆனால் சத்தமாக இல்லை. கும்பகோணத்துப் புழுக்கத்தில் ஒருவர் விசிறியை அணைக்கிறார் என்றால் எதையோ கேட்க வேண்டியிருக்கிறது. என்ன என்பதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கிறோம். தூக்கம், தனிமை, மௌனம் என்ற சொற்கள் ஒன்றும் இல்லை. 'இரவு' என்பதைத் தலைப்பு பார்த்துக்கொள்கிறது. தலைப்பை எடுத்துவிட்டால் இது பகல் என்றுகூட ஒருவர் வாசிக்கலாம், அதனால் அதை விடாதீர்கள்.

மாத்திரை அட்டை நொச்சிப்பூவின் இடத்தில் நான் வைத்தது. உங்கள் வீட்டில் அது வேறாக இருக்கும்: காலண்டர்த் தாள் சுவரில் உரசுவது, அவர் கட்டிலின் ஒரு கால் தரையில் தட்டுவது. எதுவானாலும் இரண்டு நிபந்தனை. இருமலைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அப்பாவின் அறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தெருநாயும் தூரத்து ரயிலும் எவ்வளவு அழகாகக் கேட்டாலும் இந்தக் கவிதைக்குள் வேண்டாம். காதை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

திருத்தும்போது ஒரு ஆசை வரும்: மூன்றாவது இருமலையும் எழுதிவிடலாமே என்று. எழுதினால் வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். 'இரண்டு முறை' என்ற எண்ணிக்கையை மட்டும் மாற்றாதீர்கள். எண்ணிக்கொண்டிருப்பவருக்குத்தான் அடுத்தது வராதது தெரியும். உங்கள் முதல் வடிவத்தில் 'அப்பாவின் இருமல்' என்று மட்டும் இருந்தது. அதை யாரும் எண்ணவில்லை.