சுண்டுவிரலைக் கடிக்கும் சேஃப்டி ஷூ

"அண்ணா, சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது, துவாஸ் பக்கம் சைட் வேலை. கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ சுண்டுவிரலைக் கடித்துப் புண்ணாகிவிட்டது. ஒரு சைஸ் பெரியது போட்டால் சரியாகுமா?"

தம்பி, அதற்கு முன்னால் இன்று ராத்திரி ரூமில் ஒன்று செய்து பார். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, வேலைக்குப் போடும் சாக்ஸோடு அதன்மேல் எழுந்து நில். குதிகால் பின் விளிம்பில் இருக்கட்டும். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தும் சுண்டுவிரல் பக்கவாட்டில் வெளியே நின்றால், குறை நீளத்தில் இல்லை, அகலத்தில். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம் ஆட்கள் பலருக்கு இதுதான் கதை.

ஷூவின் முன்னால் இருக்கும் இரும்புத் தொப்பி, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்குகிற அளவுக்குச் செய்தது. "போடப் போடச் சரியாயிடும்" என்பார்கள். கணுக்கால் பக்கம் கடித்தால் அது உண்மை, தோல் இளகும். தொப்பி இளகாது.

நான் வந்த புதிதில் 8 கடிக்கிறது என்று 9 வாங்கினேன். சுண்டுவிரல் பிழைத்தது, குதிகால் போயிற்று. ஏணி ஏறும்போதெல்லாம் குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம். கம்பி கட்டக் குந்தினால், தொப்பியின் பின் விளிம்பு விரல் மூட்டுகள்மேல் வந்து அழுத்தும். ஷூ மடங்கும் இடமும் என் கால் மடங்கும் இடமும் வேறாகிவிட்டன. கடைசியில் அதே 8இல் அகலமான வகை கிடைத்த பிறகுதான் நிம்மதி.

ஆகவே சூப்பர்வைசரிடம் "வைட் ஃபிட் வேண்டும்" என்று கேள். பாதுகாப்புச் சாமான் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு, அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சாயங்காலம் போட்டுப் பார், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். கடையில் நடந்து பார்த்தால் மட்டும் போதாது, குந்தி எழுந்திரு. தொப்பி விளிம்பு உறுத்தினால் அந்த ஜோடி வேண்டாம்.

அப்புறம் வியர்வை. ஊறிப்போன தோல்தான் சீக்கிரம் உரியும். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். பாலியெஸ்டரோ கம்பளியோ கலந்தது பரவாயில்லை. ஒரு ஜோடியைப் பையில் வைத்திருந்து சாப்பாட்டு நேரத்தில் மாற்று. இரண்டு சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதே, இருக்கிற அகலமும் போய்விடும். ராத்திரி இன்சோலை வெளியே எடுத்து வைத்து, ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஃபேன் காற்றில் வை. சுள்ளென்ற வெயிலில் வைத்தால் தோல் விறைக்கும், சோல் பசை விட்டுப்போகும்.

இப்போது இருக்கும் புண்ணைக் கழுவித் துடைத்து மருந்துக்கட்டு போடு. சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ நாளைக்கே கிளினிக் போ. சர்க்கரை இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காதே, இன்றைக்கே காட்டு.