அண்ணன் கொடுத்த ராமும் அம்மாவின் படங்களும்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் ஒன்றுதான் இருந்தது, டிடிஆர்4, 3200 வேகம். அண்ணன் தன் பழைய கம்ப்யூட்டரில் இருந்து வேறு கம்பெனியின் 16 ஜிபி, 2666 ராமைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டதிலிருந்து காலையில் ஆன் செய்தால் டிஸ்ப்ளே வருவதில்லை. இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டால் வருகிறது. வேலையின் நடுவே நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. பயாஸில் XMP ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் சொன்னால் வருத்தப்படுவார். இதற்கிடையில் மறைந்த அம்மாவின் படங்களைப் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்து கட் செய்து இதில் பேஸ்ட் செய்துகொண்டிருக்கிறேன். சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பலாக வருகின்றன, டிஸ்க் பழசு போல. ராம் ஒத்துப்போக என்ன செய்யலாம்?
— வாசகி, திருச்சி

பதில்: ராம் கிடக்கட்டும். முதலில் படங்களை மாற்றும் வேலையை நிறுத்துங்கள். கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சாம்பல் படம்தான் இதில் பெரிய விஷயம். நீங்களோ பழியைத் தூக்கி டிஸ்க்கின் மேல் போட்டுவிட்டீர்கள்.

டிஸ்கில் இருந்து படிக்கும் எதுவும் முதலில் ராமுக்கு வந்து, அங்கிருந்துதான் புது இடத்தில் எழுதப்படுகிறது. ராமில் இருக்கும் அந்த நொடியில் ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே எழுதப்படும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்காது, எச்சரிக்கவும் செய்யாது. ஜேபெக் படத்தில் தகவல் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்கு அடுத்து வருவதும் சேர்ந்து குழம்பும். பாதிவரை சரியாக வந்து, அதற்குக் கீழே சாம்பலாவது இப்படித்தான். நீலத் திரை காட்டும் கம்ப்யூட்டரில், கட் செய்து, மூலத்தையும் இல்லாமல் செய்திருக்கிறீர்கள். அம்மா படம் உங்கள் ஒருவர் சொத்தா? அண்ணனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நீங்கள் அதை வைத்திருக்கிறீர்கள். வருத்தப்படுவார் என்று ராம் விஷயத்தை மறைத்து, அதைவிடப் பெரிய வருத்தத்தை அவருக்குத் தயார் செய்கிறீர்கள். இன்றே போன் செய்து சொல்லுங்கள்.

டிஸ்க்கும் பழசாக இருக்கலாம்தான். அதைப் பிரித்தறிய வழி உண்டு. டிஸ்கில் இன்னும் மிச்சமிருக்கும் படங்களை நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கே முழுதாக வந்தால் டிஸ்கைக் குறை சொல்ல வேண்டாம். கட் செய்து போனவற்றுக்காக அந்த டிஸ்கில் புதிதாக ஒன்றையும் எழுதாதீர்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை, வேறு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்கை மாட்டி ஓட்டலாம். மேலே எதுவும் எழுதாதவரை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

இனி ராம். அளவு வேறாக இருப்பது பெரிய குற்றமில்லை. ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே தகவல் போகும் பாதையைச் சேனல் என்பார்கள். 8-ஐயும் 16-ஐயும் இரண்டு சேனல்களில் தனித்தனியாகப் போட்டால், பெரும்பாலான போர்டுகள் இரண்டிலிருந்தும் 8, 8 எடுத்து ஜோடியாக ஓட்டும், மீதி 8 ஒற்றையாக ஓடும். கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல் XMP. அது ராமைத் தயாரித்தவர் அதற்குள் எழுதி வைத்த வேகக் குறிப்பு. உங்கள் 3200 ராமின் குறிப்பு அநேகமாக 1.35 வோல்ட் கேட்கும். போர்டு அதைப் படித்து இரண்டு ராமையும் அந்த வேகத்தில் ஓட்டப் பார்க்கிறது. அண்ணனின் ராம் 2666-க்கு, 1.2 வோல்ட்டில் ஓடச் செய்தது. அதைக் கட்டாயப்படுத்தி 3200-க்கு ஏற்றுகிறீர்கள்.

ஆன் செய்ததும் போர்டு ஒவ்வொரு ராமோடும் நேரக் கணக்கைச் சரிபார்க்கும், 'மெமரி டிரெயினிங்' என்பார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் தானே அணைந்து மறுபடி முயலும். விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் ராம் ஒரு தடவை தேறும், மறுதடவை தேறாது. காலையில் வராமல் மூன்றாம் தடவை வருவது அதனால்தான். தேறிவிட்டால் நலம் என்று அர்த்தமில்லை. விளிம்பில் ஓடிக்கொண்டே பிட்டைப் புரட்டும்.

செய்ய வேண்டியது இது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அண்ணனின் ராமைக் கழற்றுங்கள். பயாஸில் XMP-ஐ ஆஃப் செய்யுங்கள். டிஸ்ப்ளேயே வராவிட்டால், பிளக் பிடுங்கிய நிலையில் போர்டில் காசு மாதிரி இருக்கும் CR2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பிறகு MemTest86-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். நான்கு சுற்றும் முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது தோல்வி. 'ஒன்றுதானே' என்று விடுகிறவர்கள்தான் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அடுத்த இரவு அண்ணனின் ராமை மட்டும் போட்டு அதே சோதனை. தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்தால் மட்டும் தவறினால், ராம் கெடவில்லை, கூட்டுத்தான் சரியில்லை. XMP ஆஃப்பில் சேர்த்தும் தேறினால் காசில்லாமலே பிழைத்தீர்கள், 2666 அல்லது அதற்குக் கீழே ஓடும். அன்றாட வேலைக்கு அது போதும்.

3200 வேண்டும் என்றால் ஜோடி வாங்குங்கள். ஒரே பெட்டியில் இரண்டு ராம், இரண்டு 8 அல்லது இரண்டு 16. அதே கம்பெனியில் அதே மாடலாகப் பார்த்து இன்னொன்றைத் தனியாக வாங்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். மாடல் எண் மாறாமலேயே உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரிப்பாளர்கள் மாற்றுவதுண்டு. ஜோடியாக வருவது சேர்ந்து ஓடச் சோதித்தது. இப்போது இருப்பவை என்ன என்று பார்க்க, பவர்ஷெல்லில்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select DeviceLocator, Manufacturer, PartNumber, Capacity, ConfiguredClockSpeed
```

நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் பெரும்பாலும் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் ஜோடிக்கு உரியவை, A2, B2 என்று போர்டில் அச்சிட்டிருக்கும். முதலாவதிலும் இரண்டாவதிலும் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழும். புது ஜோடியைப் போட்டு, முதலில் XMP இல்லாமல் சோதனை, பிறகு ஆன் செய்து மறுபடி சோதனை. காலியாக இருக்கும் ஸ்லாட்களில் பழைய ராமைச் செருகும் ஆசை வரும், மறுபடி அதே குழப்பத்தில்தான் போய் நிற்பீர்கள். அண்ணனுடையதை அண்ணனிடமே திருப்பிக் கொடுங்கள்.

சோதனை தேறிய பிறகுதான் படங்கள். கட் வேண்டாம், காப்பி மட்டும். கலப்பு ராமில் நீங்கள் மாற்றிய நாட்களின் படங்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. நன்றாகத் தெரிகிற படத்துக்குள்ளும் பிழை ஒளிந்திருக்கலாம். மூலம் இருப்பதை மறுபடி காப்பி செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்:

```
certutil -hashfile amma01.jpg SHA256
```

மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே எண் வர வேண்டும். ராம் சரியாவதற்கு முன் இதைச் செய்து பயனில்லை, கணக்குப் போடுவதும் அதே ராம்தான். இன்னொரு நகலை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பிறகு பழைய டிஸ்கில் கை வையுங்கள்.