மேட்சில் மட்டும் சர்வீஸ் நெட்டில் அடிக்கிறது: மனக்காட்சியை எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: சார், என் மகளுக்கு 13 வயசு, ஸ்கூல் வாலிபால் டீம்ல ஆடுறா. பிராக்டிஸ்ல சர்வீஸ் நல்லாப் போடுறா. மேட்ச்ல ஸ்கோர் நெருக்கமா வந்தா நெட்ல அடிச்சிடுறா. "கண்ணை மூடி மனசுல பாரு"ன்னு கோச் சொன்னார், தினமும் ராத்திரி செய்யுறா, ஒண்ணும் மாறல. மைண்ட் பவர் கேம்ப்ல சேர்க்கச் சொல்றாங்க, 12,000 ரூபாய். சேர்க்கலாமா?

பதில்:

சேர்க்காதீர்கள். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல பந்தும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுங்கள், மிச்சம் கையில் இருக்கும். கேம்ப் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். பயிற்சி முடிந்து அவள் களைத்திருக்கும் நேரத்தில், யாராவது பக்கத்தில் நின்று சத்தமாக எண்ண, 10 சர்வீஸ் போடச் சொல்லுங்கள். ஏழெட்டாவது உள்ளே விழுந்தால் சர்வீஸ் கையில் இருக்கிறது, நெருக்கடியில்தான் நழுவுகிறது என்று அர்த்தம், அதற்கு மனக்காட்சி உதவும். நான்கைந்துதான் விழுகிறது என்றால் மனசைத் தொடவே வேண்டாம், கையைச் சரிசெய்யுங்கள். தப்பான சர்வீஸை மனசுக்குள் நூறு தடவை ஓட்டினால் அந்தத் தப்புதான் ஊறிப்போகும்.

சரி, கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ராத்திரிப் பயிற்சி ஏன் பலன் தரவில்லை? அநேகமாக அவள் பாயில் படுத்துக்கொண்டு, மின்விசிறிக் காற்றில், கண்ணை மூடி, பந்து அழகாக நெட்டைத் தாண்டுவதை டிவியில் பார்ப்பதுபோல் பார்த்திருப்பாள். அதில் அவள் கை இல்லை, கால் இல்லை, விசில் இல்லை, பந்து போய்ச் சேர்ந்தது மட்டும்தான் இருக்கிறது. ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இரண்டு விளையாட்டு உளவியலாளர்கள் 2001இல் ஒரு வழிமுறை கொடுத்தார்கள். நீளமான பெயர் அதற்கு, நமக்கு வேண்டாம். சாரம் இதுதான்: மனசுக்குள் செய்வது நிஜத்தில் செய்வதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பலன். உடம்பு நிற்கும் விதம், இடம், எடுக்கும் நேரம், நெஞ்சில் இருக்கும் படபடப்பு எல்லாமே ஒத்துப்போக வேண்டும்.

ஆகவே படுக்கையை விட்டு எழுப்புங்கள். ஷூ போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் மைதானத்திலேயே எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நிற்கட்டும். முடியாவிட்டால் மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கண் திறந்திருந்தாலும் பரவாயில்லை. அவள் கண்ணிலிருந்து தெரிவதையே அவள் பார்க்க வேண்டும்: முன்னால் கூட்டாளிகளின் முதுகு, நெட்டின் மேல்பட்டை, அதற்கு அப்பால் எதிரணியில் எந்த இடத்துக்கு அடிக்கப்போகிறாளோ அந்த இடம். பந்தின் தையல் விரலில் படுவது, விசில் சத்தம், பந்து மேலே போவது, உள்ளங்கையின் அடிப்பகுதி பந்தில் 'டொப்' என்று பட்டு நிற்பது, உடனே ஓரடி கோர்ட்டுக்குள் வைப்பது. இவ்வளவுதான் காட்சி. பந்து எங்கே விழுந்தது என்பது கடைசியில் ஒரு நொடி வந்தால் போதும்.

இதை ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துச் சோதிக்கலாம், போனில் இருப்பதே போதும். நிஜ சர்வீஸில் விசிலிலிருந்து அடி விழும்வரை எத்தனை நொடி என்று மூன்று முறை எடுங்கள். பிறகு நீங்கள் விசில் அடிக்க, அவள் மனசுக்குள் ஓட்டி, அடி படும் நொடியில் "ம்" சொல்லட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் இதே வயசு, இதே புகார். நிஜத்தில் 5 நொடி எடுத்தாள், மனசுக்குள் 2 நொடியில் முடித்துவிட்டாள். நடுவில் எதை விட்டாய் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். "பந்தைப் பிடிச்சிருக்கேன், விசில் வந்துருச்சு, அடிச்சுட்டேன்" என்றாள். பந்தை மேலே தூக்கிப் போடும் இடமே அவள் படத்தில் கிடையாது! மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் பழுதும் அங்கேதான் இருந்தது: பதற்றத்தில் பந்தைத் தாழ்வாக, பின்பக்கமாகப் போடுகிறாள், கை அதைத் துரத்தித் தாழ்வான இடத்தில் தட்டுகிறது, பந்து நெட்டில். படம் மங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும் என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது. அவளுக்கு முழு சர்வீஸை விட்டுவிட்டு, பந்து கையை விட்டுக் கிளம்பி, வலது தோளுக்கு முன்னால் உயர்ந்து, ஒரு கணம் நிற்பதை மட்டும் பத்து நாள் ஓட்டவைத்தோம். மனசில் ஒன்று, நிஜத்தில் ஒன்று, மறுபடி மனசில் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கிடையாது, இந்த வயசில் அதற்குமேல் போனால் பிள்ளைகள் வேறெதையோ நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்தாம் நாள் நொடிக்கணக்கு இரண்டும் ஒத்துப்போயின, அதன் பிறகுதான் முழு சர்வீஸுக்குத் திரும்பினோம்.

நெருக்கடியைச் சேர்ப்பது அடுத்த கட்டம்தான். அமைதியான காட்சி தெளிவாக ஓட ஆரம்பித்த பிறகு 23–24, நம்ம சர்வீஸ், எதிரணி கத்துகிறது, வாய் உலர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். மனசுக்குள்ளேயே பந்து நெட்டில் அடித்தால் திட்டாதீர்கள், அது நடக்கும். நிறுத்தி, பின்னால் ஓட்டி, பந்தைத் தூக்கிப் போடும் இடத்தை மெதுவாக ஒரு முறை ஓட்டி, சரியாக முடித்துவிட்டுத்தான் விட வேண்டும். தப்பான படத்தோடு எழுந்து போகவிடக் கூடாது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் ஒரு சோதனையை 1985இல் செய்தார்கள்: பந்து குழியைத் தவறுவதாகக் கற்பனை செய்துகொண்டு ஆடியவர்களின் ஆட்டம் நிஜத்திலும் கெட்டது. அதனால்தான் "நெட்ல மட்டும் அடிச்சிடாதே" என்று ஓரத்தில் நின்று கத்துபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தக் குழந்தைக்கு அந்த நொடியில் நெட்டைத் தவிர வேறென்ன தெரியும்?

இதையே தலைகீழாகப் புரிந்துகொண்டு, கெட்டது எதையுமே நினைக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் தவறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, சுவர் தெரியவில்லை. கையடியை எண்ணிக்கொண்டே நீந்தி உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவருடைய பயிற்சியாளர் பாப் போமன் சிறு வயதிலிருந்தே பந்தயத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கப் பழக்கியிருந்தார், ஏதாவது பிசகினால் என்ன செய்வது என்பதும் அந்தப் பழக்கத்தில் உண்டு. தோல்வியை நினைப்பது வேறு, சிக்கலை அதிலிருந்து வெளியே வரும் வழியோடு சேர்த்து நினைப்பது வேறு. உங்கள் மகளுக்கு அது இப்படி: போன சர்வீஸ் நெட்டில் போனது, அடுத்த முறை பந்து என் கைக்கு வருகிறது, இரண்டு முறை தரையில் தட்டுகிறேன், மூச்சு விடுகிறேன், போடுகிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் பல பிள்ளைகளை அழவைத்திருக்கிறார்கள். சிலருக்கு மனசில் படமே வராது. கண்ணை மூடினால் இருட்டுதான். ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார். நோய் இல்லை, குறையும் இல்லை, நூற்றில் சிலருக்கு இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளை "ஒண்ணும் தெரியல சார்" என்று உண்மையைச் சொன்னால் "கவனம் இல்லை, முயற்சி இல்லை" என்று திட்டு வாங்குகிறது, அடுத்த முறை "தெரியுது" என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. உங்கள் மகளிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டு வாசற்கதவை நினை, என்ன தெரிகிறது? நிறம், தாழ்ப்பாள் எல்லாம் கண்முன்னால் வருகிறதா, இல்லை கதவு பச்சை என்று 'தெரிந்திருக்கிறதா'? இரண்டாவது என்றால் படத்தை விட்டுவிட்டு உடம்பு வழியாகப் போங்கள். பந்தே இல்லாமல் நிஜ வேகத்தில் கையை வீசட்டும், தோள் எங்கே இழுக்கிறது என்று சொல்லட்டும். சத்தம் வழியாகவும் போகலாம்: விசில், இரண்டு தட்டு, மூச்சு, டொப். இந்தத் தாளத்தை அவள் வாயால் சொல்லிப் பழகினாலே போதும். அதற்கும் அதே ஸ்டாப்வாட்ச்தான், அதே ஐந்து நிமிஷம்தான். படம் வராதவர்களால் இதைச் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இப்போது அந்த கேம்ப். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளைகளை மேடையேற்றுவார்கள், மூக்கோரம் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் அது நடக்கிறது. "ஆழ்மனம்", "ஆல்ஃபா அலை" என்பார்கள், இரண்டு நாள் மண்டபத்தில் உட்காரவைத்து இசை போடுவார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள். நான் இவர்களிடம் கேட்பது மூன்றே கேள்வி. பிள்ளை சர்வீஸ் போடுவதை நீங்கள் நேரில் பார்ப்பீர்களா? பந்தும் நெட்டும் உங்கள் பயிற்சியில் உண்டா? ஆறு வாரம் கழித்து எத்தனை சர்வீஸ் உள்ளே போகிறது என்று எண்ணுவீர்களா? ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை. உங்கள் ஊரில் யார் பரிந்துரைத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் இடைத்தரகர்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் விளையாட்டுக்குப் பொறுப்பானவர்களும் இருந்தார்கள், அதுதான் வருத்தம்.

பள்ளியைக் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம், வருஷம் முழுக்க நெருக்கமான ஆட்டமே ஆடாத பிள்ளையை குறுவட்டப் போட்டியில் காலையில் இறக்கி, தோற்றால் மதியம் பஸ் ஏற்றிவிடுகிறோம், பிறகு "மனவலிமை இல்லை" என்கிறோம். அடுத்த போட்டிக்கு முன்னால் நாலு முறையாவது 20–20 என்று ஸ்கோர் வைத்து ஆரம்பிக்கும் பயிற்சி ஆட்டம் வைக்கச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். செலவே இல்லாத காரியம், இதைக்கூடச் செய்யாமல் குழந்தையின் மனசைக் குற்றம் சொல்வது அநியாயம்.

போட்டி நாளில் முழுக் காட்சியை ஓட்ட நேரம் கிடையாது. விசில் அடித்து 8 நொடிக்குள் அடிக்க வேண்டும், தூக்கிப் போட ஒரே வாய்ப்புதான். அந்த நேரத்துக்கு ஒரு துண்டு மட்டும்: விசிலுக்கு முன்பே இரண்டு தட்டு, மூச்சு, பந்து தோளுக்கு முன்னால் உயர்ந்து நிற்பது ஒரே ஒரு முறை மனசில். விசில் வந்ததும் போட்டுவிட வேண்டியதுதான். நீங்கள் ஓரத்தில் நிற்பதாக இருந்தால் அவளிடம் சொல்ல வேண்டியது "உயரமாப் போடு" என்பது மட்டும்தான், அதையும் பந்து அவள் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.