நார்மல் ரிப்போர்ட்டும் நெஞ்சில் நிற்கும் இட்லியும்

அன்புள்ள ஐயா,

எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். அம்மாவுக்கு 54 வயது. ஒன்றரை வருடமாகச் சாப்பிடுவது நெஞ்சில் நிற்கிறது என்கிறார். ஆரம்பத்திலிருந்தே இட்லியும் நிற்கிறது, காபியும் நிற்கிறது. ராத்திரி படுத்தால் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வருகிறதாம், புளிப்பே இல்லையாம். எண்டோஸ்கோப்பி எடுத்தோம், நார்மல். கேஸ் என்று சொல்லி பான்டோபிரசோல் கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது டென்ஷன் என்கிறார்கள். அம்மா கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்று எனக்கும் தோன்றுகிறது. என் கேள்வி இதுதான்: இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னிக்குக் கெடுதலா? சுக்குக் கஷாயத்துக்கு மாறிவிடலாமா?

பிரபு, நாமக்கல்

அன்புள்ள பிரபு,

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார். தலையை நிமிர்த்தி, ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார், நெஞ்சை நீவிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

சுக்குக் கஷாயம் குடிக்கட்டும், குடிக்காமல் இருக்கட்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. மாத்திரை விஷயத்தை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ஒன்றரை வருடமாக ஒரு மனுஷி காபியைக்கூட நிம்மதியாக விழுங்க முடியாமல் இருக்கிறார், நீங்கள் "மிகைப்படுத்துகிறாரோ" என்று எழுதுகிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அவர் மூன்று தடயங்களைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு தெளிவாக நோயைச் சொல்கிறவர்கள் குறைவு.

முதல் தடயம், இட்லியும் காபியும் ஆரம்பத்திலிருந்தே நிற்பது. உணவுக்குழாயில் ஏதாவது வளர்ந்தோ தழும்பு விழுந்தோ பாதை குறுகினால், முதலில் கெட்டியானதுதான் மாட்டும். சப்பாத்தி நிற்கும், கஞ்சி இறங்கும். பாதை இன்னும் குறுகக் குறுக, குழைந்த சாதம் நிற்கும், கடைசியில்தான் தண்ணீர் நிற்கும். இப்படிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ படிப்படியாக வந்து உடம்பும் இளைத்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும்வரை அதையே சந்தேகிக்க வேண்டும். அந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்குப் போக வேண்டும். ஆனால் முதல் நாளிலிருந்து கெட்டியும் திரவமும் ஒன்றுபோல நின்றால் சந்தேகம் பாதையின் அகலத்தின்மேல் போகாது. உணவைத் தள்ளுகிற தசையின்மேல் போகும்.

சாப்பாடு தானாக விழுந்து இரைப்பைக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். ஒரு வாய் விழுங்கியதும் அதன் தசை மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கித் தள்ளிக்கொண்டே வரும். அடியில், இரைப்பையின் வாயிலில், ஒரு வளையத் தசை எப்போதும் இறுகி மூடியிருக்கும். விழுங்கும்போது மட்டும் அது தளர்ந்து வழிவிட்டு, பிறகு மூடிக்கொள்ளும். தளரச் சொல்லும் நரம்பு செல்கள் அந்தத் தசைச் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அவை அழிந்துபோனால் வளையம் தளராது, மேலே உள்ள தசையும் ஒழுங்காகத் தள்ளாது. இதற்குப் பெயர் அகலேசியா. அபூர்வமான நோய்தான், ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்குப் புதிதாக வருகிற அளவு. எந்த வயதிலும் வரலாம்.

இரண்டாவது தடயம், புளிப்பில்லாமல் திரும்பி வருவது. இரைப்பைக்குப் போய்த் திரும்பியது என்றால் அமிலத்தின் புளிப்போ கசப்போ பெரும்பாலும் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு வருவது போட்ட உப்போடு அப்படியே வருகிறது. அது இரைப்பையை எட்டியே பார்த்திருக்காது. பிறகு அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை அங்கே என்ன செய்யும்? மூன்றாவது தடயமே அதுதான், மாத்திரை வேலை செய்யாதது. (அகலேசியா உள்ளவர்களுக்கும் நெஞ்சு எரியலாம், தேங்கிய சாப்பாடு உள்ளேயே புளிப்பதால். அதைப் பார்த்துத்தான் பலர் கேஸ் என்று ஏமாறுகிறார்கள்.)

என் பெரியம்மாவுக்கு இதுதான் இருந்தது. கோவில்பட்டி வீட்டில் அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்காருவார். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நாலு வாய்க்கு ஒருமுறை எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை அடக்கி, தண்ணீர் குடிப்பார். அப்போது ஏதோ இறங்கும். அவருக்கு "அடக்காரி" என்று பெயர். ராத்திரி இருமலுக்கு ஆஸ்துமா மருந்து சாப்பிட்டார். தலையணை உறையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். அதைத் தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் துவைத்துப் போடுவார். படுத்ததும் தேங்கியது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கியதால் வந்த இருமல் அது.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு பேரியம் ஸ்வாலோவுக்கு அவரை அழைத்து வந்தேன். வெறும் வயிற்றோடு வந்திருந்தார். திரை முன்னால் நிற்க வைத்து, சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருக்கும் பேரியத்தை டம்ளரில் கொடுத்தோம். மற்றவர்களுக்குச் சில விநாடிகளில் இரைப்பைக்குள் இறங்கிவிடும். பெரியம்மாவுக்கு உதரவிதானத்துக்கு மேலே வந்து நின்றது. நின்றதோடு விடாமல் மேலே மேலே ஏறியது. குழாய் மணிக்கட்டு அளவுக்கு அகலமாக விரிந்திருந்தது, அடியில் மட்டும் கூராக ஒடுங்கியிருந்தது. பறவையின் அலகு என்று பாடப்புத்தகத்தில் படித்தது அதைத்தான். அந்த வெள்ளைக்குள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. டாக்டர் திரும்பி, "சாப்பிட்டுட்டுதானே வந்தீங்க?" என்று அதட்டினார். பெரியம்மா சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. மிதந்தது முந்தின நாள் ராத்திரிச் சோறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எண்டோஸ்கோப்பி நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லோடு எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள், நீங்களும்தான். எண்டோஸ்கோப்பி என்பது கேமரா. உட்சுவரைப் பார்க்கும், புண், கட்டி, தழும்பு இருந்தால் சொல்லும். அதை முதலில் எடுத்தது மிகச் சரி, எடுக்காமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. ஆனால் ஒரு தசை எவ்வளவு இறுகுகிறது, விழுங்கும்போது தளர்கிறதா என்பதைக் கேமரா அளக்காது. அகலேசியா தொடங்கிய புதிதில் குழாய் விரிந்திருக்காது, கேமராவும் லேசாக அழுத்தினால் வளையத்தைத் தாண்டிப் போய்விடும், ரிப்போர்ட் நார்மல் என்று வரும். அதனால் நார்மல் என்றால் "சுவரில் கோளாறு இல்லை" என்று மட்டும் படிக்க வேண்டும். "கோளாறே இல்லை" என்று படிப்பவர்கள்தான் அடுத்த வாக்கியமாக டென்ஷன் என்கிறார்கள். பெண்கள் என்றால் அந்த வாக்கியம் இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

சுவர்கூடக் கண்ணுக்கு நார்மலாக இருந்து ஏமாற்றும். வீசிங், அலர்ஜி உள்ள இளவயதுக்காரர்களுக்கு எப்போதாவது இறைச்சித் துண்டு நெஞ்சில் மாட்டிக்கொள்கிறது என்றால், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சுவரில் குவிந்திருக்கலாம். துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். உங்கள் அம்மாவுக்குத் துணுக்கு எடுத்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

தசையை அளக்கும் சோதனைக்குப் பெயர் மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பைவரை இறக்குவார்கள். அதன் நீளம் முழுக்க அழுத்தத்தை உணரும் புள்ளிகள் இருக்கும். படுத்தபடி 5 மி.லி. தண்ணீரைப் பத்துத் தடவை விழுங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு விழுங்கலிலும் தசை தள்ளுகிறதா, அடி வளையம் தளர்கிறதா என்று திரையில் தெரியும். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், மயக்க மருந்து அழுத்தத்தை மாற்றிவிடும் என்பதால். குழாய் போகும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். இந்த வசதி இல்லாத ஊரில் பேரியம் ஸ்வாலோ இருக்கும். நின்றபடி குடிக்கவைத்து 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாவது நிமிடத்திலும் நெஞ்சில் பேரியம் நின்றுகொண்டிருந்தால் பிறகு டென்ஷன் என்று யாரும் சொல்ல முடியாது.

அகலேசியாதான் என்று நான் சீட்டு எழுதவில்லை. இரைப்பை வாயிலில் ஒளிந்து வளரும் கட்டியும் அப்படியே நடிக்கும். வயது கூடியவர்களுக்கு, சில மாதங்களுக்குள் வந்து வேகமாக எடை குறைந்தால் டாக்டர்கள் சி.டி. ஸ்கேனும் பார்ப்பது அதனால்தான். அம்மாவின் எடையை நீங்கள் எழுதவே இல்லை. இன்றே பாருங்கள்.

அகலேசியா என்றால் வழி இருக்கிறது. செத்த நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வளையத்தைத் தளர்த்த முடியும். 30 மி.மீ. பலூனை உள்ளே ஊதி விரிக்கலாம். அல்லது தசையை மட்டும் கீறிவிடலாம். ஜெர்மனியில் ஹெல்லர் 1913-இல் தொடங்கிய அறுவை அது, இப்போது லேப்ராஸ்கோப்பில் செய்கிறார்கள். ஜப்பானில் இனோவே 2008-இல் ஆரம்பித்த முறையில் வாய் வழியாகவே போய்க் கீறுகிறார்கள். வயிற்றில் தழும்பு இல்லை, ஆனால் பிற்பாடு அமிலம் மேலேறுவது கூடுதல். அப்போது அந்தப் பான்டோபிரசோல் உண்மையாகவே தேவைப்படலாம்! பெரியம்மாவுக்கு வயிற்றைத் திறந்து செய்தார்கள். அதன் பிறகும் உட்கார்ந்து நிதானமாகத்தான் சாப்பிட வேண்டியிருந்தது, தள்ளுகிற வேலையைப் புவியீர்ப்புதான் செய்யும் என்பதால். ஆனால் கூடத்தில், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சோதனை நடக்கிறவரை ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, படுக்கும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். என்றாவது ஒரு வாய் முழுவதுமாக அடைத்து எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், மேலே சோற்று உருண்டையோ வாழைப்பழமோ போட்டுத் தள்ளாதீர்கள். அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. கேமரா வழியாக எடுத்துவிடுவார்கள்.

இரைப்பைக் குடல் நிபுணரிடம் போங்கள். சோதனைக்கு முன்னால் எவ்வளவு நேரம் பட்டினி என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணவு தேங்குகிறவர்களை முந்தின நாளே திரவ ஆகாரத்தில் இருக்கச் சொல்வதுண்டு. அப்புறம், டாக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டதும் "கேஸ் ட்ரபிள் சார்" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அம்மா பேசட்டும்.