வட்டிச் சான்றிதழும் டிடிஎஸ் சான்றிதழும் கேட்டு வங்கிக்கு எப்படி எழுதுவது?

"ரிட்டர்ன் தாக்கல் செய்ய வட்டி, டிடிஎஸ் சான்றிதழ் வேண்டும். வங்கிக்கு என்ன எழுதுவது?"

இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ஏ-யில் வரி பிடித்த வட்டி மட்டுமே இருக்கும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டிடிஎஸ் கிடையாது என்பதால் அது வட்டிச் சான்றிதழில்தான் தெரியும். கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, என் வாடிக்கையாளர் எண் ____, பான் ____. இந்த எண்ணின் கீழுள்ள எல்லா சேமிப்பு, வைப்புக் கணக்குகளுக்கும் 1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான வட்டிச் சான்றிதழையும், நான்கு காலாண்டுக்குமான படிவம் 16ஏ-யையும் வழங்க வேண்டுகிறேன்."

'எல்லா' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்பில் கையில் பணம் வராவிட்டாலும், சேர்ந்த வட்டிக்கு வங்கி வருடாவருடம் வரி பிடிக்கும். உதாரணமாக, சேர்ந்த வட்டி 56,000 ரூபாய் என்றால் 10 சதவீதம், அதாவது 5,600 பிடித்திருப்பார்கள். ரிட்டர்னில் காட்ட வேண்டியது முழு 56,000.

சான்றிதழ் வந்ததும், உங்கள் பானில் பதிவான வரிப் பிடித்தத்தைக் காட்டும் வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். 5,600 அதில் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த வைப்பில் பான் தவறாக ஏறியிருக்கிறது. அப்புறம் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி வங்கிக்குத்தான் எழுத வேண்டும்.