மூன்று சுழி அடைந்துபோனால்

அன்புள்ள அக்கா,

வேலையை விட்டுவிட்டுத் தனியாக டிசைன் செய்ய ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. முதல் லோகோ வேலை கிடைத்திருக்கிறது, எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய் ஆலை. முதல் வரைவை இணைத்திருக்கிறேன். செக்கு, மாடு, எண்ணெய்த் துளி, எள்ளுப்பூ எல்லாம் வருகிற மாதிரி தங்க நிறத்தில் செய்தேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 100 மில்லி பாட்டில் முதல் 15 கிலோ டின் வரை இதைத்தான் போடப் போகிறார்களாம். திங்கட்கிழமை காட்ட வேண்டும். தயவுசெய்து மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். கடைப் பெயரை மட்டும் வெளியில் சொல்ல வேண்டாம்.

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தம்பி,

படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குக் கண் போனது கடைப் பெயருக்குக் கீழே இருக்கும் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்ற வரியில். இந்த வரைவில் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பியதை 25 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தேன். 100 மில்லி பாட்டிலின் லேபிளில் லோகோவுக்கு ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் கிடைக்கும். நீங்கள் வரைந்திருப்பது 200 மில்லிமீட்டர் அகலத்தில், அதாவது எட்டு மடங்கு பெரிதாக. உங்கள் திரையில் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை 2 மில்லிமீட்டர். பாட்டிலில் அது கால் மில்லிமீட்டர். மூன்று நான்கு தலைமுடியைச் சேர்த்து வைத்த அகலம். அச்சில் மை இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் பரவும், அந்தக் கால் மில்லிமீட்டரும் அடைந்துவிடும். ‘எண்ணெய்’ என்ற சொல்லில் மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. ஒரு சுழி அடைந்தால் அது ரெண்டு சுழி ன மாதிரி தெரியும், எல்லாம் அடைந்தால் ஒரு மைக்கட்டிதான். என் அச்சில் இரண்டாவது ணகரம் மைக்கட்டியாகத்தான் வந்தது. கடைசி ‘ய்’யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

எழுத்தை இன்னும் தடிமனாக்கினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது. தடிமன் கூடக் கூடச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இன்னும் குறையும். தமிழ் எழுத்துக்குச் சின்ன அளவில் வேண்டியது அகலம்.

ஆனால் நீங்கள் அகலத்தைக் குறைத்திருக்கிறீர்கள். கீழே உள்ள ஆங்கில வரியின் நீளத்துக்குச் சரியாக வர வேண்டும் என்று தமிழ் வரியைப் பக்கவாட்டில் நெருக்கியிருக்கிறீர்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், ‘ம’வைப் பாருங்கள். இடது பக்க நெட்டுக்கோடும் அடிக்கோடும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருக்க வேண்டிய எழுத்துரு அது. உங்கள் வரைவில் நெட்டுக்கோடு மெலிந்து, அடிக்கோடு தடித்து நிற்கிறது. பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நெருக்கினால் நெட்டுக்கோடும் 70 சதவீதமாகும், படுக்கைக்கோடு அப்படியே இருக்கும். காரணம் தெரியாதவருக்கும் எழுத்து வாடிப்போன மாதிரி தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? வரியை இரண்டாக உடையுங்கள். மேலே ‘மரச்செக்கு’, கீழே ‘எண்ணெய்’. எழுத்தை நெருக்கவே தேவையிருக்காது, அதே 25 மில்லிமீட்டருக்குள் எழுத்து அகலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகும். ஆங்கில வரியை லோகோவிலிருந்து எடுத்துவிடுங்கள், லேபிளில் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். எழுத்துருவுக்கு Mukta Malar அல்லது Catamaran எடுத்து, நடுத்தரத் தடிமனில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் வணிக வேலைக்குத் தடையில்லாமல் பயன்படுத்தலாம். அப்புறம் எழுத்தை வடிவமாக மாற்றிக்கொண்டு, கையால் இரண்டு திருத்தம் செய்யுங்கள். ணவின் சுழிகளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து மேலே தள்ளி வையுங்கள். இந்தத் திருத்தம் பாட்டிலுக்கான சின்ன லோகோவுக்கு மட்டும். டின்னுக்கும் போர்டுக்கும் எழுத்துருவின் அசல் வடிவமே இருக்கட்டும். ஒரே லோகோவுக்குச் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு வடிவம் கொடுப்பது வழக்கம்தான், வாடிக்கையாளருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

எழுத்துக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதையும் எடுங்கள். ஆங்கிலத்தில் அது அழகாக இருக்கலாம். இங்கே ‘ணெ’யின் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி, முன்னால் இருக்கும் ‘ண்’ணுக்குச் சொந்தமான மாதிரி நிற்கிறது.

இவ்வளவு தூரம் ஒரு வரியைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நெய்க் கடைக்கு டின் வடிவமைத்தேன். திரையில் பார்த்தே ஒப்புதல் வாங்கினேன். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் மெல்லிய புள்ளி விழவேயில்லை, ‘நெய்’ எல்லா டின்னிலும் ‘நெய’ ஆகிவிட்டது. அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டின்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார், அவ்வளவுதான். அது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

இனி படம். நான்கு பொருளை ஒன்றாக வைத்திருக்கிறீர்கள், 25 மில்லிமீட்டரில் எதுவுமே தெரியவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை விடுங்கள். எண்ணெய்த் துளி வேண்டாம், அது தண்ணீர் கேனிலும் இருக்கிறது, இரத்த தான போஸ்டரிலும் இருக்கிறது. மாட்டை வைப்பதற்கு முன் ஆலைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: செக்கை மாடு சுற்றுகிறதா, மோட்டார் சுற்றுகிறதா? இப்போது பெரும்பாலான மரச்செக்கு மோட்டாரில்தான் ஓடுகிறது. அப்படியானால் பாட்டிலில் மாட்டைப் போடுவது வாங்குகிறவரிடம் பொய் சொல்வது. எனக்குப் பட்டது, செக்கு ஒன்றே போதும். அகன்ற உரல், அதில் சாய்ந்து நிற்கும் உலக்கை. அந்தச் சாய்வுதான் செக்குக்கு அடையாளம். இரண்டே வடிவத்தில், ஒரே கறுப்பில் வரையலாம்.

தங்க நிறச் சாயலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆலைக்காரரின் பில் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் ஒரே நிறம்தான். கறுப்பில் நிற்கிற லோகோவுக்குத் தங்கம் பிறகு பூசிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். புதிய வரைவைக் கறுப்பில் 25 மில்லிமீட்டருக்கு அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை இன்னொரு முறை ஜெராக்ஸ் போடுங்கள். கடைசித் தாளை விஷயம் தெரியாத ஒருவரிடம், முடிந்தால் அறுபது தாண்டிய ஒருவரிடம், கை நீட்டும் தூரத்தில் வைத்துக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள், ‘என்ன எழுதியிருக்கு, படிங்க’ என்று கேளுங்கள். எந்த எழுத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஜெராக்ஸ் தாளை ஃபோனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா